மருதாயி பேச்சை நிறுத்திய நாட்கள்

என் மனைவி சந்திரவல்லியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத சோலியை இழுத்துப் போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம். மூன்று வருடமாகக் கட்டிலில் கிடக்கிறேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் என் பேச்சைக் கேட்பதில்லை. கையும் வாயும் மட்டும் மிச்சம் இருக்கின்றன. வாயை வைத்து வீட்டில் போதுமான அளவு கெடுத்துவிட்டேன், இனி கையை வைத்துக் கொஞ்சம் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

நான் சின்ராசு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டியவன். விடியுமுன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவேன். ஒரு மழைநாளில், நல்லவேளையாக ஆளில்லாமல் இறங்கி வரும்போது, ஒரு வளைவில் ஜீப்பு என்னை விட்டுவிட்டது. அதோடு என் கதை முடிந்தது. இது அவள் கதை.

சந்திரவல்லியை வீட்டில் வள்ளி என்றுதான் கூப்பிடுவோம். வள்ளிக்கு நாற்பத்து மூன்று வயது. ஊருக்குள் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை. காய்ந்து வந்த காயைச் சல்லடையில் பருமன் பார்த்துப் பிரித்த பிறகு, பெண்கள் தட்டில் கொட்டி வைத்து, வெடித்தது, பூச்சி விழுந்தது, வெளுத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி ஒதுக்குவார்கள். காலை ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, என்னைத் துடைத்து, புரட்டிப் போட்டு, எட்டரைக்குக் கிட்டங்கியில் உட்காருவாள். ஒரு மணிக்குச் சாப்பாடு, அரை மணி நேரம். ஆறு மணிக்கு வீடு. பிறகு மறுபடியும் சமையல், மறுபடியும் நான். எங்கள் மகள் பவித்ரா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். மாதம் ஒருமுறை வந்து, அம்மாவுக்கு ஒருநாள் ஓய்வு என்று சொல்லி, பாத்திரத்தை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவாள்.

இதற்கு நடுவில்தான் அவள் எழுதினாள். கைபேசியில் தொடர்கதை வெளியிடுகிற ஒரு செயலியைப் பவித்ராதான் போட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாகம். எழுதுவதற்கென்று மேசையோ நாற்காலியோ கிடையாது. கிட்டங்கியில் சாப்பாட்டு நேரத்தில் மிஞ்சுகிற பத்து நிமிடம், ரேஷன் வரிசை, குழாயில் தண்ணீர் வரும்வரை ஒரு கால் மணி நேரம். இன்றைக்கு நாலு வரி, நாளை மறுநாள் ஆறு வரி. ஒரு பாகத்தை ஒரே மூச்சில் எழுதியதாக எனக்கு நினைவே இல்லை.

கதையின் நாயகி மருதாயி. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறிக் காயெடுக்கப் போகிறவள். என் ஜீப்பில் வந்த பெண்களைப் பற்றி நான் முன்பு வீட்டில் வந்து சொன்னதை எல்லாம் வள்ளி மனதில் போட்டு வைத்திருந்தாள் போல. ஆனால் மருதாயி அவர்களில் யாரும் இல்லை. இருந்திருந்தால் நான் அவளுக்கு முன்சீட்டைக் கொடுத்திருப்பேன்.

ஒரு சாம்பிளுக்கு மூன்றாம் பாகத்தைச் சொல்கிறேன். சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

"எத்தன பேரு ஏறியிருக்கீங்க?"

"எண்ணித்தான் பாரேன் மாப்ளே," என்கிறாள் மருதாயி. "மருதாயி பள்ளிக்கூடம் போயிருந்தா அவளே எண்ணிச் சொல்லுவா. போகல, அதான் ஜீப்புக்குள்ள நெழல்ல ஒக்காந்திருக்கா. நீ போன, வெயில்ல நிக்கிற. இதுல யாரு மாப்ளே வெவரம்?"

விபத்துக்குப் பிறகு ஒரு வருடமாக நான் சிரித்ததில்லை. சிரிக்கக் கூடாது என்ற வைராக்கியம் எல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு வள்ளி இந்த இடத்தை வாசித்ததும் வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. இருமல் என்று நினைத்து அவள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சிரிப்பு என்று தெரிந்ததும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

அதிலிருந்து அவளுக்கு எழுத்து என்றால் அதுதான். செயலியில் நாலாயிரம் பேர் வாசித்தார்கள், இதயம் போட்டார்கள், "அக்கா செம" என்றார்கள். அவளுக்கு அது சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்து வாசிக்கும்போது, ஒரு கண் கைபேசியில் இருக்கும், ஒரு கண் என் முகத்தில் இருக்கும். நான் சிரித்தால் அவள் அந்த வாரத்தைத் தாங்கிக்கொள்வாள். இந்த மனுசன் இன்னும் பிழைத்துக் கிடக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது.

அறுபதாவது பாகத்துக்குப் பிறகு எப்போதோ எனக்குச் சிரிப்பு குறைந்தது. எண்பதுக்குப் பிறகு நின்றே போனது.

நான் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பவித்ராவுக்கு ஃபோன் போட்டு, "அப்பா முன்ன மாதிரி இல்லத்தா, எதுக்கும் சிரிக்க மாட்டேங்கிறாரு" என்று தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் தணிந்த குரலுக்குப் போக இடம் கிடையாது. மகள் டாக்டரிடம் கேட்டு ஒரு மாத்திரை எழுதி வாங்கி அனுப்பினாள். அதைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். சிரிப்பு வரவில்லை.

அதனால் பொய்ச் சிரிப்பு சிரிக்க ஆரம்பித்தேன். இருபது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் அது செல்லுமா? அவள் தலையை நிமிர்த்தாமல் அடுத்த வரிக்குப் போவாள். நானும் அடுத்த வரிக்குத் தயாராவேன். இப்படியே பதினைந்து வெள்ளிக்கிழமை ஓடியது. இரண்டு பேருக்கும் அலுப்பு, இரண்டு பேரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழாம் பாகத்தில் அந்தச் சோதனைச் சாவடி மறுபடியும் வந்தது. அதே போலீஸ்காரர், அதே கேள்வி. எனக்குள்ளே ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. வள்ளி வாசித்தாள்.

"எங்கள மாதிரி கூலிக்காரங்க கஷ்டம் உங்களுக்குப் புரியாது சார். பொண்ணாப் பொறந்தா சுமந்துதான் ஆகணும். சிரிச்சிக்கிட்டே சுமக்குறவளுக்குள்ள எவ்வளவு கண்ணீர் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது.

"யாரு இவ?" என்றேன்.

"யாரு?"

"இந்தப் பொம்பள. போலீஸ்காரன சாருங்கிறாளே, இவ யாருன்னு கேக்குறேன்."

"மருதாயி."

"மருதாயி அவன மாப்ளேம்பா. அவ கலெக்டரையே மாப்ளேன்னவ. கண்ணீரு கிண்ணீருன்னு என்னைக்கு அவ பேசியிருக்கா? மருதாயி செத்து நாளாச்சு. நீ பொணத்த ஜீப்புல ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்க."

சொல்லியிருக்க வேண்டாம். ஜீப்பு ஓட்டியவனுக்கு வாயிலும் பிரேக் பிடிக்கத் தெரிய வேண்டும், எனக்கு எதிலும் தெரியவில்லை.

வள்ளி கைபேசியை இறக்கி வைத்தாள். "இந்த வரிக்கு எழுநூறு பேரு இதயம் போட்டுருக்காங்க," என்றாள்.

"போடட்டும். அவங்களுக்கு மருதாயியத் தெரியாது."

"நாலு மாசமா உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னு நான் கோயில் கோயிலா வேண்டிக்கிட்டுக் கெடந்தேன். கத நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எனக்கே இப்பத்தான் தெரியுது."

அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் எனக்கு வேண்டியதை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்தாள், பேச்சு மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, தொண்ணூற்றெட்டு வரவில்லை. வாசகர்கள் "அக்கா என்னாச்சு" என்று எழுதினார்கள். அவள் கைபேசியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. மருதாயி இல்லாவிட்டால் இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

அடுத்த வாரம் நடுவில் ஒருநாள் கிட்டங்கியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு சுந்தரம்மாக்கா என்னய வஞ்சிருச்சு," என்றாள்.

சுந்தரம்மாள் அங்கே மேஸ்திரி. பொறுக்கிய தட்டை எல்லாம் அவள்தான் கடைசியாகப் பார்ப்பாள். வள்ளியின் கையில் குறை கண்டது பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"எதுக்கு வஞ்சா?"

"வெளுத்த காய பச்சைக்குள்ள விட்டுட்டேன். ஒன்னு ரெண்டு இல்ல, மத்தியானத்துக்கு மேல பொறுக்குனது பூராம். அக்கா தட்ட எடுத்துட்டுப் போயி சன்னல்ல இருக்குற மாதிரித் தட்டுக்குப் பக்கத்துல வச்சிச்சு. எனக்கே அசிங்கமாப் போச்சு. 'மாதிரியப் பாத்தியா, முந்திப் பொறுக்குனதப் பாத்தியா'ன்னு கேட்டுச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். சன்னலோரம் ஒரு வெள்ளைத் தட்டில் மாதிரிக்கென்று நல்ல பச்சைக் காய் ஒரு கைப்பிடி எப்போதும் இருக்கும். ஒவ்வொரு தட்டு முடிந்ததும் எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த தட்டில் கை வைக்க வேண்டும். அலுத்துப் போனால் யார் எழுந்து போவார்கள்? கடைசியாகப் பொறுக்கிய காயைப் பார்த்தே அடுத்ததைப் பொறுக்குவார்கள். இந்தக் காய் போன காயைவிட ஒரு நூல்தான் வெளுப்பு, பரவாயில்லை. அதற்கடுத்தது இதைவிட ஒரு நூல். கண்ணுக்கு ஒரு தப்பும் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் தட்டு மொத்தமும் வைக்கோல் நிறத்தில் கிடக்கும்.

"மருதாயியும் இப்படித்தான் வெளுத்துட்டா," என்றாள் வள்ளி. "ஒவ்வொரு வாட்டியும் எழுத ஒக்காரயில, கடைசியா எழுதுன பாகத்த மட்டும் ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுத் தொடங்குவேன். மொதப் பாகத்தத் திரும்பிப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு."

கணக்குப்பிள்ளைத்தனமாக ஒரு நோட்டும் வைத்திருந்தாள். மருதாயியின் கோழி என்ன நிறம், உடைந்த பல் எந்தப் பக்கம், தம்பி எந்த வருடம் குரங்கணியில் நிலம் வாங்கினான் என்று எல்லாம் அதில் இருந்தது. அதனால் தொண்ணூற்றேழு பாகத்திலும் கோழி நிறம் மாறவில்லை, பல் பக்கம் மாறவில்லை. மருதாயி எப்படிப் பேசுவாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அது மறக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம். கூடவே இருக்கிறவள் குரலை யாராவது எழுதி வைப்பார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றாம் பாகத்திலிருந்து தொடங்கினோம். நான் சத்தமாக வாசித்தேன், அவள் நோட்டோடு உட்கார்ந்தாள். கண்ணால் ஓட்டினால் தெரியாதது காதில் விழுந்தால் தெரிந்தது. மூன்று ஞாயிறு ஆனது முடிக்க.

எந்தப் பாகத்தில் மருதாயி கெட்டாள் என்று ஒரு கல்லை நட்டுக் காட்ட முடியும் என்று நான் நினைத்திருந்தேன். முடியவில்லை. மருதாயி "நான்" என்று சொல்ல மாட்டாள், தன்னைத் தானே பேர் சொல்லித்தான் பேசுவாள். அது முப்பத்தொன்பதில் ஒரு இடத்தில் தவறியது. "எனக்குப் பசிக்குது" என்றாள். ஒரே ஒரு இடம், யாரும் பார்க்கவில்லை. நாற்பத்தாறில் மூன்று இடம். ஐம்பதுக்கு மேல் வள்ளிக்குக் கண் எரிச்சல் என்று டைப் செய்வதை விட்டுவிட்டு, கைபேசியிடம் வாயால் சொல்லி எழுத வைக்க ஆரம்பித்தாள். கிட்டங்கியில் பக்கத்தில் ஆள் இருப்பதால் மெல்லத்தான் சொல்ல முடியும். மெல்லச் சொல்கிறபோது மருதாயியின் சண்டைப் பேச்சு எப்படி வரும்? வந்தது வள்ளியின் பேச்சு. அதிலும் கைபேசி சில வார்த்தையைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திப் போட்டது. "வர்றேன்" என்றால் "வருகிறேன்" என்று எழுதியது. அதை மாற்ற அவளுக்கு நேரம் இல்லை.

அறுபத்திரண்டில் மருதாயி ஒரு தத்துவம் சொன்னாள். அதை யாரோ படமாக்கி, பின்னால் சூரியன் எல்லாம் போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பாகத்துக்கு ஒரு தத்துவம். ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க வள்ளி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் நானா எழுதுனேன்?"

"நீதான். மருதாயி இல்ல."

சரி, கண்டுபிடித்தாயிற்று, இனி எழுத வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மருதாயி: துடுக்கு, தைரியம், நகைச்சுவை உணர்வு மிக்கவள் என்று வள்ளி எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டு எழுதிய பாகத்தில் ஒரு உப்பும் இல்லை. துடுக்கு என்று எழுதி வைத்தால் துடுக்கு வந்துவிடுமா? கல்யாணப் பத்திரிகையில் மணமகள் என்று போட்டால் பெண் வந்து உட்கார்ந்துவிடுவாளா?

அதைக் கிழித்துப் போட்டாள். பழைய பாகத்திலிருந்து மருதாயி பேசிய பேச்சையே பத்துப் பன்னிரண்டு இடம், ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்து எழுதினாள். எழுத உட்காரும்போதெல்லாம் முதலில் அதை வாய்விட்டு வாசிப்பது, கடைசிப் பாகத்தைப் பார்ப்பது பிறகு என்று வைத்துக்கொண்டாள். சன்னலோரத் தட்டுதான் அது. ஆனால் அடுத்து எழுதியதில் வரிக்கு வரி "மாப்ளே", மூச்சுக்கு மூச்சு "மருதாயிக்கு". பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தான் சொல்கிற மாதிரி மருதாயி அங்கங்கே "சாரமில்ல" என்று சொல்வாள், அது ஒரு பக்கத்தில் ஒன்பது தடவை வந்தது.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

"மருதாயி வேசம் கட்டி யாரோ ஆடுற மாதிரி இருக்கு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னதான் செய்யச் சொல்றீங்க? காலைலருந்து காயப் பாத்துப் பாத்து இந்தக் கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சு."

எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் பதினெட்டுப் பெண்களை ஜீப்பில் வைத்து வருடக்கணக்காக ஓட்டியவன். பின்னால் திரும்பாமலே பேசுவது யாரென்று சொல்லிவிடுவேன். எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். வார்த்தையால் இல்லை. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் ஒருத்தி சாமியைக் கூப்பிடுவாள், ஒருத்தி என்னைத் திட்டுவாள், ஒருத்தி பக்கத்தில் இருப்பவளைப் பிடித்துக்கொள்வாள். அதை வைத்துத்தான் ஆள்.

"மருதாயி என்ன சொல்லுவான்னு பாக்காத," என்றேன். "கஷ்டம் வந்தா அவ என்ன செய்வா?"

வள்ளி யோசித்தாள். "பக்கத்துல எது இருக்கோ அதப் புடிச்சி வம்புக்கு இழுப்பா. கல்லு, மழ, போலீசு, எதுவானாலும்."

"பாவம்னு யாராச்சும் சொன்னா?"

"சொல்ல விட மாட்டா. அவ அலுப்புன்னு ஒருக்காகூடச் சொன்னதில்ல." சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினாள். "ஆனா நான் எழுதுன அறுபது பாகத்துல அவ அலுத்துத்தான் கெடக்குறா. வாசிச்சவங்களுக்கு அது தெரியும். அத எப்பிடி இல்லேன்னு அழிக்கிறது?"

"அழிச்சி மாத்தலாம்ல?"

"அறுபதையும் மாத்துறதுக்கு இன்னொரு ஆளப் பெத்துக்கிட்டு வரணும். அதோட, மனுசி அலுக்கக் கூடாதா? மாறக் கூடாதா? மாறட்டும். அலுக்கட்டும். மருதாயி மாதிரி அலுக்கட்டும்."

அப்போது அது எனக்கு ஒரு எழுத்து விசயமாகத்தான் பட்டது. நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன்.

தொண்ணூற்றெட்டை எழுத அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. கிட்டங்கியில் பாதி, குழாயடியில் கால், மிச்சம் என் கட்டிலோரம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பன்னிரண்டு பேச்சையும் வாய்விட்டு வாசிப்பாள். குழாயடியில் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி, "என்னக்கா, யாரோட சண்ட?" என்று கேட்டாளாம். கைபேசியிடம் சொல்வதை விட்டுவிட்டுப் பழையபடி விரலால் அடித்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம், சோறு தின்ற தட்டுகூட எடுக்காமல், வாசிக்கிறேன் என்று உட்கார்ந்தாள்.

கதையில் சாயங்காலம். போடிமெட்டில் மண் சரிந்து ஜீப்புகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மற்றவர்கள் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள். மருதாயியால் எழ முடியவில்லை. டிரைவர் வந்து, "என்னக்கா, முடியலையா, பாவம்" என்கிறான்.

"பாவமா? யாரப் பாத்து மாப்ளே பாவங்கிற? மருதாயி இங்க பஞ்சாயத்துப் பண்ணிக்கிட்டு இருக்கா, குறுக்க வராத," என்று அவனை விரட்டிவிட்டு, மருதாயி தன் கால்களோடு பேசத் தொடங்குகிறாள்.

"ஏ காலு, எந்திரின்னு மருதாயி சொல்றால்ல. என்னது, லீவு வேணுமா? மருதாயி இத்தன வருசமா லீவு கேட்டிருக்காளா? கேட்டா யாரு குடுப்பா? ஒனக்கு மட்டும் என்ன, நீ பெரிய எஸ்டேட்டு மானேசரா? இங்க பாரு எடது காலு, நேத்து நீ மொரண்டு புடிச்ச, வலது காலு ஒன்னயும் சேத்து இழுத்துக்கிட்டு வந்துச்சு. இன்னைக்கு அது மொரண்டு புடிக்குது, நீ இழு. கணக்கு சரியாப் போச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காலோடு நான் மூன்று வருடம் நடத்திய பஞ்சாயத்தை எங்கிருந்து ஒட்டுக் கேட்டாள் இவள்? குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். மருதாயிதான், சந்தேகமே இல்லை, திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன். வள்ளி என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த ஒரு தடவை பார்க்காமல் வாசித்துக்கொண்டே போனாள்.

"ஒங்களுக்கென்ன, ரெட்டைப் பொறப்பு. ஒன்னு ஓஞ்சா ஒன்னு இழுக்கும். மருதாயி ஓஞ்சா இழுக்குறதுக்கு இன்னொரு மருதாயிய அவ ஆத்தா பெத்துப் போட்டிருக்காளா? போடல. அந்தக் கிழவிக்கு வெவரம் பத்தாது. அதனால ஓயிறதுன்னா வெரசா சொல்லிருங்க, மருதாயியும் கூடவே ஓஞ்சுக்குவா. எத்தன நாளா அவளும் சாக்குத் தேடிக்கிட்டுக் கெடக்குறா, தெரியுமா?"

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைசி வரி உள்ளே போய் உட்கார்ந்தது.

அறுபது பாகமாக அவள் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். சுமை என்றாள், கண்ணீர் என்றாள், முடியவில்லை என்றாள். நான் அதையெல்லாம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காது கொடுத்துக் கேட்டு, கதை சரியில்லை என்று முடிவு கட்டினேன். மருதாயி இப்படிப் பேச மாட்டாள் என்று பெரிய நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொன்னேன். சரியான தீர்ப்புதான். பேசியது மருதாயி இல்லை. அப்படியானால் பேசியது யார் என்று ஒருநாளாவது நான் கேட்டிருக்க வேண்டாமா?

"வள்ளி," என்றேன்.

"நல்லாருக்கா?"

"எத்தன நாளா சாக்குத் தேடுற?"

அவள் கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"கததான," என்றாள்.

"கத இருக்கட்டும். ஒன்னத்தான் கேக்குறேன்."

கைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "நீங்க விழுந்ததுலருந்து," என்றாள். கண்ணீர் எல்லாம் இல்லை. கிட்டங்கியில் எத்தனை தட்டு முடிந்தது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "ஒரு நாளு முழுசாப் படுத்துக் கெடக்கணும்போல இருக்கு. எந்திரிச்சா யாரும் எதுவும் கேக்கக் கூடாது."

இருந்த ஒரு கட்டிலையும் மூன்று வருடமாக நான் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். முழங்கையை ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் இழுத்து, அதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆனது, சுவரோரமாக ஒதுங்கினேன். அவள் உதவிக்கு வந்தாள், வராதே என்று வைதேன்.

"படு," என்றேன்.

"தட்டு கழுவல. வெள்ளிக்கெழம போட வேண்டியத இன்னும் ஏத்தல."

"படுங்கிறேன்ல."

படுத்தாள். ஐந்து நிமிடத்தில் வாய் திறந்து தூங்கிவிட்டாள். தலைமாட்டில் கைபேசி மினுங்கி மினுங்கி, மருதாயி எங்கே, மருதாயி எங்கே என்று யார் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதை எடுத்து அணைத்தேன். பொழுது சாயும்வரை நான் அவளை எழுப்பவில்லை.